அப்பாவுக்கு நான் தேர்ந்தெடுத்த பம்ப் துப்பாக்கி

அப்பா கலெக்டர் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் யார் வீட்டில் என்ன துப்பாக்கி, எந்த ஊரில் பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி, எந்த விதவை கணவனின் துப்பாக்கியை ஒப்படைக்க மறந்தாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டதில்லை. துப்பாக்கி என்பது அவருக்குப் பச்சை அட்டை போட்ட கோப்பு. பெரிய ஊசியில் வெள்ளை நூல் கோத்து அவர் கோப்பு தைக்கிற அழகைப் பார்க்கவே பக்கத்துப் பிரிவிலிருந்து வருவார்களாம். அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா தை மாதத்தில் போனாள். நான் சென்னையில் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம் முடித்து வீட்டுக்கு வந்தபோது, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதையே விட்டிருந்தார். காலையில் வந்த பேப்பர் மாலையிலும் அதே பக்கத்தில் மடியில் கிடக்கும். சாப்பிட்டீங்களா என்றால், "சாப்ட்டனா?" என்று என்னையே கேட்பார். தெரு முழுக்கத் தறி ஓடும் சத்தம், எங்கள் வீட்டில் மட்டும் கடிகாரம். எனக்குப் பயமாக இருந்தது. எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தால் ஆடிக்கு அப்புறம் நான் போய்விடுவேன். இவரை இப்படியே விட்டுவிட்டா போவது?

அந்த நேரத்தில்தான் துக்கம் விசாரிக்க ரைஸ் மில்காரர் வந்தார். வாலாஜாபாத் பக்கம் மில். அவருடைய லைசென்ஸைப் பதினைந்து வருடம் புதுப்பித்துக் கொடுத்தவர் அப்பா. மில்காரருக்குத் தட்டு சுடுகிற பைத்தியம். சென்னை கிளப்பில் பார்த்துவிட்டு, தட்டு எறிகிற ஸ்பிரிங் இயந்திரம் ஒன்றை வாங்கி, முறையாக அனுமதியும் எழுதி வாங்கி, கோடையில் தென்னேரி ஏரி வற்றிக் கிடக்கும் பக்கத்தில் ஞாயிறுதோறும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சுடுவார்.

"எத்தினி பேருக்கு எழுதிக் குடுத்தீங்க. ஒரு நாள் வந்து அந்த சத்தத்தக் கேளுங்களேன் சார்" என்றார்.

அப்பா போனார். போனார் என்ன, நான் மில்காரரின் ஜீப்பில் ஏற்றினேன்.

தட்டு என்பதைக் களிமண் தட்டு என்கிறார்கள், ஆனால் அது தாரும் சுண்ணாம்புத் தூளும் கலந்து அச்சில் வார்த்தது. தேநீர்ச் சாசர் அளவு. வெயிலில் வைத்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று மில்காரர் அதை ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் மில் டிரைவர் கயிற்றை இழுப்பார், தட்டு விர்ரென்று சுழன்று மேலேறி எதிர்ப்பக்கம் போகும். ஈயக்குண்டுகள் பட்டால் கறுப்புத் தூளாகத் தெறிக்கும். படாவிட்டால் ஏரித் தரையில் போய் விழுந்து முழுசாகக் கிடக்கும். பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. நானும் ஒன்று சுடட்டுமா என்றேன்.

"லைசென்ஸ் இல்லாம தொடக் கூடாது" என்றார் அப்பா. அம்மா போன பிறகு அவர் ஒரு விஷயத்தை அவ்வளவு உறுதியாகச் சொன்னது அதுதான்.

நாலாவது வாரம் அவரே லைசென்ஸுக்கு மனுப் போட்டார். பழைய ஆபீஸ்காரர்கள் அதிசயித்துப் போய் வேகமாக முடித்துக் கொடுத்தார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த ஞாயிறு, மில்காரர் அப்பாவின் பக்கத்தில் நின்று தன் ஆட்டோவை அவரிடம் கொடுத்தார். ஆட்டோ என்றால் ஒரு முறை சுட்டதும் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. விசையை ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கத்த வராது. எல்லோரும் இங்கிலீஷில் "புல்" என்று அதட்டுகிற இடத்தில் அவர், "இழுப்பா" என்றார். டிரைவருக்குக் காது கேட்கவில்லை.

"சார், மனு மாதிரி சொல்லாதீங்க. ஆர்டர் போடுங்க" என்றார் மில்காரர்.

"இழுப்பா" என்றார் அப்பா கொஞ்சம் சத்தமாக. முதல் இரண்டு போய்விட்டன. மூன்றாவது தட்டு தூளானது. அவர் துப்பாக்கியை இறக்கி, தூள் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொன்னார். நான் சமையலறையில் போய் அழுதேன்.

இனிமேல் அவருக்கென்று ஒரு துப்பாக்கி வேண்டும். லைசென்ஸில் வாங்குவதற்குக் கெடு போட்டிருந்தார்கள், அதற்குள் வாங்கிக் காட்ட வேண்டும். மில்காரர் சென்னையில் ஒரு இரட்டைக் குழலுக்கு முன்பணம் கொடுத்திருந்ததால் தன் ஆட்டோவை விற்கத் தயாராக இருந்தார். இன்னொன்று, எங்கள் ஊரில் துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வைத்திருந்த பாயின் கடையில் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு எஸ்டேட்காரர் விட்டுச் சென்ற பம்ப். குழலுக்கு அடியில் ஒரு முன்கட்டை. சுட்டதும் அதைக் கையால் பின்னுக்கு இழுத்தால் காலி வெளியே விழும், முன்னுக்குத் தள்ளினால் அடுத்தது ஏறும்.

நான் அதற்குள் மில்காரரிடமிருந்த பழைய கேட்டலாக்குகள் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். பாய் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் பிரித்துப் போட்டிருந்த பாகங்களைக் கேள்வி கேட்டே குடைந்தேன். ஆட்டோவின் குழலில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, சுடும்போது புகை வாயு கொஞ்சம் அது வழியே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும், அந்த விசையில்தான் மற்றதெல்லாம் நடக்கிறது. துளையில் கரி அடைத்தால் படுத்துவிடும். ஸ்பிரிங் ஒன்று போனால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். விலையும் பம்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. தோட்டாச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

"அப்ப பம்ப்தான், பாய்" என்றேன்.

பாய்க்கு அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கு வாங்குறோம்னு பாக்கணும்மா. புதுசா கத்துக்கறவரு. ஒடம்புல சத கெடையாது, தோள் எலும்பு தெரியுது. சுடும்போது தோள்ல விழுற ஒத ஆட்டோவுல கம்மி."

இங்கேதான் நான் என் படிப்பைக் காட்டினேன். தோட்டா ஒன்று, ஈயத்தின் எடை ஒன்று, அது முன்னே போகும் வேகம் ஒன்று. அப்படியானால் பின்னே வருகிற உந்தமும் ஒன்றுதான். முன்னால் போவதற்குச் சமமாகப் பின்னால் வந்தே தீரும், எந்த இயந்திரத்தை நடுவில் வைத்தாலும். அவருடைய ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் சமன்பாட்டை எழுதியே காட்டினேன்.

பாய் தாளைப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. ஒரு மூட்டைய மெதுவா தலையில ஏத்தி வெக்கறதும், மேலேருந்து தலையில போடறதும், மூட்ட ஒண்ணுதானே?"

"அது மூட்டை, பாய். இது மொமெண்டம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். வாய் திறந்து, சத்தமாக. அம்மா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சிரிப்பு இன்னொரு முறை வர வேண்டும் என்பதற்காகவே நான் அன்று கடை மூடும்வரை பேசினேன். எடையைப் பற்றிக்கூட பாய் சொன்னார், ஆட்டோ கொஞ்சம் கனம், கனமானது குறைவாக உதைக்கும் என்று. என் சமன்பாட்டிலேயே இருந்த விஷயம். கால் கிலோவுக்கு என்ன வந்துவிடும் என்று ஒதுக்கினேன்.

மீதி வேலையை ஆடி மாத மழை செய்தது. சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடிகிறவரை கொட்டியது. ஏரித் தரை சொதசொத என்றிருந்தாலும் மில்காரர் ஞாயிறை விடுவதாக இல்லை. அப்பா முடிவெடுக்கட்டும் என்று பாய் பம்பையும் கொண்டுவந்திருந்தார். அப்போது எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் காகிதக் கூடு போட்ட தோட்டாக்கள். ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும். மில்காரரின் பெட்டி ஜீப்பில் நனைந்திருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. இரண்டாவது தோட்டாவில் ஆட்டோ நின்றது. ஊதிய கூடு குழலுக்குள் இறுகிப்போய், காலி வெளியேறும் வாசல் பாதி திறந்தபடி நிற்கிறது. பாய் குழலின் முன்வாய் வழியாகக் கழியை விட்டுத் தட்டி எடுத்தார். அடுத்ததும் அப்படியே.

"எங்கூட்டு மாடு மாதிரி. மழன்னா நவுராது" என்றார் மில்காரர்.

அதே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவைப் பாய் பம்பில் போட்டுச் சுட்டார். இழுக்கும்போது முன்கட்டை அடம் பிடித்தது. பாய் பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார், காலி வந்து சேற்றில் விழுந்தது. கை பலம் இருந்தால் வந்துவிடும். இன்னொன்று. அதுவும்.

நான் கைதட்டினேன். "பாத்தீங்களா அப்பா? கரண்ட் இல்லாட்டியும் ஓடற கைத்தறி மாதிரி."

அப்பா இரண்டு துப்பாக்கிகளையும் பார்த்தார். ஆட்டோவின், தோளில் பதியும் பின்கட்டையை விரலால் ஒரு முறை தடவினார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எது சரின்னு படுதோ அதுவே இருக்கட்டும்மா" என்றார். எனக்கு முதல் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

பம்ப் அப்பாவின் பெயரில் பதிவானது. ஆட்டோவை அடுத்த வாரமே சென்னைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

புதிய துப்பாக்கியுடன் முதல் ஞாயிறு. ஆரம்பத்தில் ஒரே ஒரு தோட்டா போடச் சொன்னார் பாய், புதியவர் கையில் அதுதான் பத்திரம். அப்பா, "இழுப்பா" என்றார். சத்தம் கேட்டது. அவர் தோள் பின்னே போய்த் திரும்பியது. தட்டு முழுசாகப் போய் விழுந்தது.

"கட்டைய தோளோட நல்லா அழுத்தி வெச்சுக்குங்க சார்" என்றார் பாய். அழுத்தி வைத்தார். அன்று இருபத்தைந்து தட்டில் இரண்டு. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் இரட்டைத் தட்டு சுட்டுப் பார்க்கலாம் என்று நான் அவசரப்பட்டேன். இரண்டு தட்டு ஒரே நேரத்தில் பறக்கும், முதலாவதைச் சுட்டதும் முன்கட்டையை இழுத்துத் தள்ளி இரண்டாவதைச் சுட வேண்டும். அப்பா முழுக்க இழுக்கவில்லை. காலி வெளியே வராமல் உள்ளேயே கிடந்தது, விசையை அழுத்தினால் ஒன்றும் இல்லை. மக்கர் பண்ணாத துப்பாக்கி என்று நான் சொன்னது உண்மைதான். ஆட்டோ செய்கிற வேலையை இதில் மனிதன் செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்லவில்லை.

"கண்ண மூடுறீங்க அப்பா. சுடறதுக்கு முன்னாடியே மூடிடறீங்க."

"மூடலியேம்மா."

"நான் பக்கத்துலதானே நிக்கறேன்."

அடுத்த முறை பாயே தோட்டாவை வாங்கி ஏற்றிக் கொடுத்தார். அது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா என்று அப்பாவுக்குத் தெரியாது. தட்டு பறந்தது, அப்பா விசையை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். வெடிக்காத துப்பாக்கியின் முனை கீழே குத்தியது, அப்பாவின் தோள் முன்னால் துள்ளியது, கண் இறுக மூடியிருந்தது, முகம் அடி வாங்கப்போகிற குழந்தையின் முகம் போல இருந்தது. வராத உதைக்கு அவர் உடம்பு முன்கூட்டியே ஒடுங்கிவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. "அய்யய்யோ அப்பா, வெறும் தோட்டாவுக்கே இந்த ஆட்டமா?"

மில்காரரும் சிரித்தார். டிரைவரும். அப்பாவும் கடைசியில் கொஞ்சம் சிரித்தார், கடையில் சிரித்த சிரிப்பு இல்லை அது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வெற்றுத் தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒத ஒடம்புல ஏறிடுச்சு. கொஞ்ச நாள் விடுங்க சார்" என்றார்.

ஆவணியில் எனக்கு எம்.எஸ்ஸி. இடம் வந்தது. கிளம்பும் நாள் அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். இடக்கையில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஏன் இடக்கை என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு விடாமல் போகணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

கடிதங்களில் எழுதினார். "இன்று மூன்று தட்டு." "இன்று நான்கு. மில்காரர் மெச்சினார்." நான் விடுதியில் தோழிகளிடம் படித்துக் காட்டுவேன், எங்கப்பா ஷூட்டர் என்று. புரட்டாசியில், "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இந்த வாரம் போகவில்லை." ஐப்பசியில், "ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது, இனி கோடையில்தான்." தண்ணீர் வந்தால் நிற்க இடமிருக்காது என்பது எனக்கும் தெரியும். நம்பினேன். பொங்கலுக்கு வந்தபோது அவர் மறுபடி நாற்காலியில் இருந்தார், மடியில் பேப்பர். சாம்பாரில் நான் வேண்டுமென்றே உப்பைக் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

பங்குனியில் தந்தி வந்தது. காலையில் பேப்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், பக்கத்து வீட்டு அக்கா மோர் கொடுக்கப் போனபோது உயிரோடு இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பதினாறாம் நாள் முடிந்து அவர் துணிகளைக் கொடுக்க எடுத்து வைத்தேன். அலமாரியில் அடியில், துப்பாக்கி சுடப் போகும்போது போடுகிற காக்கி அரைக்கைச் சட்டை. தூக்கும்போது ஒரு பக்கம் கனத்தது. வலது தோளில் உள்பக்கமாக, டர்க்கி டவலை நாலாக மடித்து வைத்துத் தைத்திருந்தது. பெரிய பெரிய தையல், ஒரே இடைவெளியில், நூல் பிரியாமல் மூலையில் இரட்டை முடிச்சு. வெள்ளைக் கோப்பு நூல். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியக் கூடாது என்றுதானே உள்பக்கம் வைத்தது. டவலில் ஒரு இடம் மட்டும் பழுப்பாக இருந்தது, உள்ளே வலிக்குப் போட்ட தைல வாசனை இன்னும் போகவில்லை.

அந்த மடிப்பு உதையை எவ்வளவு நேரத்துக்கு நீட்டித்து வாங்கும் என்று என் புத்தி உடனே கணக்குப் போட்டது. அதே உந்தம், கொஞ்சம் அதிக நேரத்தில். நேரம் கூடினால் விசை குறையும். பள்ளிக்கூடத்திலேயே படித்தது அது. பந்து பிடிக்கிறவன் கையைப் பின்னுக்கு இழுப்பது இதனால்தான் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆட்டோவில் பிஸ்டன் பின்னால் போக எடுத்துக்கொள்ளும் அந்த இமைப்பொழுதுதான் எல்லாம். பாயின் மூட்டைக் கணக்கு அதுதான். அப்பா அதைச் சமன்பாடு இல்லாமல் ஒரு டவலில் தைத்து வைத்திருந்தார். நான் ஒரு தோட்டாவாவது சுட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அப்பாவிடம் ஆயிரம் முறை கேட்ட விதி. பாய் கடைக்குத் தகவல் சொன்னேன், அவரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே நான் லைசென்ஸ் புத்தகத்துடன் கடைக்குப் போனேன்.

பாய் ரெஜிஸ்டரில் எழுதினார். நான் பெஞ்சில் அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப வலிச்சிதா பாய் அவருக்கு?"

அவர் பேனாவை மூடினார். "ஒரு நா இங்க வந்து சட்டையக் கழட்டிக் காட்டினாரு. கன்னிப்போய் நீலமா இருந்திச்சு. பின்கட்டைல ரப்பர் வெச்சுத் தரேன், இல்ல வேற பாக்கலாம்னேன். வேணாம் பாய்ன்னுட்டாரு."

"ஏன்?"

"ரப்பர் வெச்சா பொண்ணு பாத்துடும்னாரு. அது ஆசையா பொறுக்கி எடுத்தது, அதுக்குத் தப்பா எடுத்துட்டோம்னு தெரியக் கூடாதுன்னாரு."

"நாலு தட்டு அடிச்சேன்னு எழுதினாரே."

பாய் ரெஜிஸ்டரை மூடி ஓரமாக வைத்தார். நீ போன பிறகு அவர் ஏரிப் பக்கமே வரவில்லை என்று ரொம்ப நாள் கழித்து மில்காரர்தான் சொன்னார்.

பாய் எழுந்து பம்பை எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தார். வழுவழுவென்று வந்தது. வெற்று அறை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார் அப்பா, கரி ஒரு பொட்டு இல்லை. பாய் முன்னுக்குத் தள்ளினார், 'சக்' என்று பூட்டிக்கொண்டது.

"நல்ல துப்பாக்கிதாம்மா. இதுல ஒரு கோளாறும் கெடையாது" என்று சொல்லி ரசீதில் கையெழுத்துப் போட இடம் காட்டினார்.